“தீங்குகள்” அட்டை காலியாக இருந்தது: டெக்ஸாமெத்தசோன் ஆய்வுச் சுருக்கத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டிய கதை

முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை வகுப்பு எடுக்கும்போது நான் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. வெளிவந்த ஓர் ஆய்வின் சுருக்கத்தை அச்செடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, துண்டுகளைக் கலைத்துக் கொடுத்துவிடுவேன். மேசை மேல் வரிசையாக அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும், மருத்துவ ஆய்வு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் கான்சார்ட் வழிகாட்டியின் ஒரு தலைப்பு. எந்தத் துண்டு எந்த அட்டைக்குக் கீழே போகிறது என்று அவர்களே வைக்க வேண்டும். சில துண்டுகளை இரண்டாக, மூன்றாக வெட்ட வேண்டியிருக்கும். அதற்கும் கத்தரிக்கோல் கொடுத்துவிடுவேன்.

கடந்த முறை எடுத்துக்கொண்டது கோவிட் காலத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ரெகவரி ஆய்வின் டெக்ஸாமெத்தசோன் அறிக்கை. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லாத் துண்டுகளும் இடம் பிடித்துவிட்டன. அப்புறம் ஒரு மாணவி குனிந்து மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

“என்னம்மா தேடறீங்க?”

“சார், ‘தீங்குகள்’ அட்டைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. ஒரு துண்டு விழுந்திருக்கும்னு நினைச்சேன்.”

துண்டு எதுவும் விழவில்லை. அந்தச் சுருக்கத்தில் தீங்குகள் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. கட்டுரைக்குள்ளே இருக்கிறது, சுருக்கத்தில் இல்லை. இந்த எழுத்து அந்தக் காலி அட்டையிலிருந்து தொடங்குகிறது.

ஆய்வும் அட்டைகளும்

ரெகவரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தலைமை வகித்த ஆய்வு. கோவிட்-19 நோயோடு பிரிட்டன் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களுக்குப் பல மருந்துகளை ஒரே கட்டமைப்புக்குள் சோதித்தார்கள். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் அவற்றில் ஒன்று. 2020 மார்ச் 19 முதல் ஜூன் 8 வரை ஆள் சேர்த்தார்கள். முதல் அறிக்கை அந்த ஜூலையில் வந்தது. இறுதி அறிக்கை 2021 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அச்சானது. நாங்கள் கத்தரித்தது இறுதி அறிக்கையின் சுருக்கத்தைத்தான்.

அட்டைகளில் இருந்த தலைப்புகள் 2008 ஜனவரியில் வெளிவந்த, சுருக்கங்களுக்கான கான்சார்ட் நீட்டிப்பிலிருந்து எடுத்தவை. அதில் 17 உருப்படிகள் இருக்கின்றன. கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் தொடர்பு, ஆய்வு வடிவம் ஆகியவை முதலில் வரும். முறைகளில் பங்கேற்பாளர், சிகிச்சை, நோக்கம், முதன்மை விளைவு, குலுக்கல் போலக் குழு பிரிக்கும் சமவாய்ப்பு ஒதுக்கீடு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாமல் வைக்கும் மறைப்பு. முடிவுகளில் ஒதுக்கப்பட்டவர் எண்ணிக்கை, ஆள்சேர்ப்பின் நிலை, பகுப்பாய்வில் வந்தவர் எண்ணிக்கை, முதன்மை விளைவின் அளவு, தீங்குகள். கடைசியாக முடிவுரை, பதிவு எண், நிதி. ஆசிரியர் தொடர்பு என்பது மாநாட்டுச் சுருக்கங்களுக்கு மட்டும்தான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் ஓர் இடம் உண்டு. இந்த 17 உருப்படிகளும் சுருக்கத்தில் அச்சாக வேண்டிய தலைப்புகள் அல்ல. அச்சாகும் தலைப்புகளை இதழ்தான் தீர்மானிக்கும். நியூ இங்கிலாந்து ஜர்னலில் பின்னணி, முறைகள், முடிவுகள், முடிவுரை என்று நான்கு. லான்செட்டில் நிதிக்கும் தனித் தலைப்பு உண்டு. 17 உருப்படிகளும் அந்த நான்கு ஐந்து பெட்டிகளுக்குள் எங்காவது போய் உட்கார வேண்டும். நோக்கத்துக்கு நியூ இங்கிலாந்து ஜர்னலில் தனிப் பெட்டி கிடையாது. அது பின்னணியின் கடைசி வாக்கியமாகவோ முறைகளின் முதல் வாக்கியமாகவோதான் வர முடியும். “இதழே அந்தத் தலைப்பைக் கேட்கவில்லையே” என்று விட்டுவிடும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

துண்டுகள் போய் விழுந்த இடங்கள்

முதலில் நன்றாக அமைந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை பற்றிய துண்டு அப்பழுக்கற்றது. டெக்ஸாமெத்தசோன், நாளுக்கு ஒரு முறை 6 மில்லிகிராம், வாய்வழியாகவோ நரம்புவழியாகவோ, அதிகபட்சம் 10 நாள். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இதை வாசிக்கும் ஒரு வார்டு மருத்துவர் கட்டுரையைத் திறக்காமலே மருந்துச் சீட்டு எழுதிவிடலாம். முதன்மை விளைவும் அப்படித்தான்: 28 நாளுக்குள் இறப்பு. என்ன அளந்தார்கள், எந்த நாளில் அளந்தார்கள் என்ற இரண்டும் ஐந்தாறு சொல்லில் முடிந்துவிட்டன. மறைப்பு கிடையாது என்பதும் வெளிப்படையாக இருக்கிறது. பதிவு எண்கள் இரண்டும் (NCT04381936, ISRCTN50189673) நிதி கொடுத்தவர்களும் கடைசி வரியில் இருக்கிறார்கள்.

கட்டுரைத் தலைப்பு அட்டையில்தான் முதல் இடறல். தலைப்பு, மருத்துவமனையில் சேர்ந்த கோவிட்-19 நோயாளிகளில் டெக்ஸாமெத்தசோன் என்று மட்டும் சொல்கிறது. சமவாய்ப்பு முறையில் ஒதுக்கிய ஆய்வு என்பது தலைப்பில் இல்லை. கான்சார்ட்டின் முதல் உருப்படியே அதைத்தான் கேட்கிறது. தேடுபொறியில் நூற்றுக்கணக்கான தலைப்புகளை வேகமாக ஓட்டிப் பார்ப்பவருக்கு, இது ஒரு மருத்துவமனையின் அனுபவக் குறிப்பா, சமவாய்ப்பு ஆய்வா என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

பங்கேற்பாளர் அட்டையில் கிடைத்தது “கோவிட்-19 காரணமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள்” என்ற அளவில்தான். எந்த நாடு, எத்தனை இடம் என்பது இல்லை. கட்டுரைக்குள் போனால் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைச் சேர்ந்த 176 அமைப்புகள் என்று இருக்கிறது. நோய் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டுமல்ல, மருத்துவர் சந்தேகித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் உள்ளேதான் இருக்கிறது. நம்ம ஊர் மருத்துவர் ஒருவருக்கு இந்த இரண்டும் தேவை. தன் வார்டில் படுத்திருப்பவர் இந்த ஆய்வில் வந்தவர்களைப் போன்றவரா என்று அவர் எடைபோடுவது இவற்றை வைத்துத்தான்.

சமவாய்ப்பு ஒதுக்கீடு அட்டைக்குக் கீழே “சமவாய்ப்பு முறையில் ஒதுக்கினோம்” என்ற சொற்கள் மட்டும் விழுந்தன. எப்படி ஒதுக்கினார்கள், அடுத்து எந்தக் குழு வரும் என்பது சேர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாமல் இருந்ததா என்பது இல்லை. இது இணையவழி ஒதுக்கீடு. ஒதுக்கும்வரை குழு யாருக்கும் தெரியாது. விகிதம் 2:1, வழக்கமான கவனிப்புக்கு இரண்டு பேர் என்றால் மருந்துக்கு ஒருவர். 2104, 4321 என்று இரண்டு எண்களைப் பார்த்த ஒரு மாணவர், “பாதிப் பேர் மருந்துக் குழுவிலிருந்து விலகிவிட்டார்களா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “2:1” என்ற ஒரே குறிப்பு இருந்திருந்தால் அது எழுந்திருக்காது.

0.83 எங்கிருந்து வந்தது

முதன்மை விளைவின் அட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த அட்டை. அங்கே விழுந்த துண்டு இது: மருந்துக் குழுவில் 482 பேர் (22.9%), வழக்கமான கவனிப்பில் 1110 பேர் (25.7%) 28 நாளுக்குள் இறந்தார்கள்; வயதுக்கு ஈடுசெய்த வீத விகிதம் 0.83, 95% நம்பிக்கை இடைவெளி 0.75 முதல் 0.93 வரை; P<0.001.

கைபேசியை எடுத்து 22.9-ஐ 25.7-ஆல் வகுத்துப் பாருங்கள் என்றேன். 0.89 வந்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. அச்சில் 0.83, கையில் 0.89. எது சரி?

இரண்டுமே சரிதான். மருந்துக் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக ஒரு வயதுக்குச் சற்று அதிகம் மூத்தவர்கள். சமவாய்ப்பு ஒதுக்கீடு சரியாகவே நடந்தாலும் இப்படிச் சின்ன ஏற்றத்தாழ்வு தற்செயலாக வரும். கோவிட்டில் வயது கூடக்கூட இறப்பு வெகுவாக ஏறியதால், அந்த ஒரு வயதே எண்ணை அசைக்கப் போதும். அதை ஈடுசெய்த பிறகு கிடைத்ததுதான் 0.83. இன்னொன்றும் உண்டு. இது இறந்தவர்களின் விழுக்காட்டை நேராக வகுத்த எண் அல்ல, எப்போது இறந்தார்கள் என்பதையும் கணக்கில் கொண்ட வீதங்களின் விகிதம். ஆகவே ஈடுசெய்யாமல் விட்டால்கூட அது 0.89-உடன் அப்படியே பொருந்தாது.

“வயதுக்கு ஈடுசெய்த” என்ற இரண்டு சொல் சுருக்கத்தில் இருக்கிறதே, அதன் மதிப்பு இதுதான். இடமில்லை என்று அதை யாராவது வெட்டியிருந்தால், கணக்குப் போட்டுப் பார்க்கும் கவனமான வாசகர் ஆய்வையே சந்தேகித்திருப்பார். மாணவர்களின் ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் தவறுதான். விழுக்காடுகள் ஒரு கணக்கிலிருந்து வந்திருக்கும், விகிதம் வேறொரு கணக்கிலிருந்து வந்திருக்கும், நடுவில் எது எது என்று சொல்லும் சொல் காணாமல் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

கான்சார்ட் இந்த உருப்படியில் கேட்பது இரண்டு: ஒவ்வொரு குழுவின் முடிவு, குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு அதன் துல்லியத்தோடு. P மதிப்பை மட்டும் கொடுத்தால் இரண்டுமே நிறைவேறாது. இந்தச் சுருக்கத்தில் P இல்லாமல் போயிருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். 0.75 முதல் 0.93 வரை என்ற இடைவெளியே, வேறுபாடு இல்லை என்று பொருள்படும் 1-ஐத் தொடாமல் நிற்கிறது.

உட்குழு முடிவுரைக்கு ஏறியது சரிதானா

அடுத்து வந்த மூன்று எண்கள்தான் இந்த ஆய்வின் உயிர். ஆய்வில் சேர்ந்த நேரத்தில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4%-லிருந்து 29.3%-ஆகக் குறைவு. கருவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடையே 26.2%-லிருந்து 23.3%. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடையே மருந்துக் குழுவில் 17.8%, வழக்கமான கவனிப்பில் 14.0%, விகிதம் 1.19, இடைவெளி 0.92 முதல் 1.55 வரை.

சுருக்கத்தின் முடிவுரை ஒட்டுமொத்த 0.83-ஐ விட்டுவிட்டு நேராக இந்தப் பிரிவுகளைப் பற்றித்தான் பேசுகிறது. பொதுவாக இது எச்சரிக்கை மணி. முதன்மை விளைவு பொய்த்துப்போன ஆய்வுகளில், சாதகமான ஓர் உட்குழுவைப் பிடித்துக்கொண்டு வந்து முடிவுரையில் உட்கார வைப்பது தெரிந்த வித்தைதான். 2010-இல் பூத்ரோனும் உடனாய்வாளர்களும் ஜாமா இதழில் இதை எண்ணிக் காட்டினார்கள். முதன்மை விளைவில் புள்ளியியல் முக்கியத்துவம் கிடைக்காத 72 சமவாய்ப்பு ஆய்வுகளை எடுத்தார்கள். அவற்றில் 42-இன் சுருக்க முடிவுரையில், அதாவது 58.3%-இல், முடிவைச் சாதகமாகத் திரித்துச் சொல்லும் எழுத்து இருந்தது.

ரெகவரியில் அப்படி இல்லை. முதன்மை விளைவே தெளிவாக மருந்துக்குச் சாதகம். சுவாச உதவியின் அளவைப் பொறுத்துப் பிரித்துப் பார்ப்பது முன்கூட்டியே திட்டமிட்டது. மூன்று பிரிவுகளும் ஒரே திசையில் படிப்படியாக நகர்கின்றன. அந்தப் போக்குக்கான சோதனையும் வலுவாகவே வந்தது. ஆகவே முடிவுரை நியாயமானதுதான். ஆனால் சுருக்கத்தை மட்டும் வாசிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? “முன்கூட்டியே திட்டமிட்ட” என்ற சொற்கள் அதில் இல்லை. நல்ல ஆய்வும் வித்தை காட்டும் ஆய்வும் சுருக்கத்தில் ஒரே முகத்தோடு நிற்கின்றன. வேறுபடுத்தும் இரண்டு சொற்களைச் சேர்க்க நான் பின்னணியிலிருந்து ஒரு வாக்கியத்தையே தாராளமாகக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது பிரிவை எப்படி எழுதுவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் இறப்பு அதிகரித்தது” என்று ஒரு பக்கம். “வேறுபாடு இல்லை” என்று மறுபக்கம். இரண்டுமே தவறு. இடைவெளி 0.92-இல் தொடங்கி 1.55-இல் முடிகிறது. இறப்பு 8% குறைந்திருக்கவும் இடமுண்டு, 55% கூடியிருக்கவும் இடமுண்டு. ஆகவே சரியான வாக்கியம்: பலன் காணப்படவில்லை, தீங்குக்கான வாய்ப்பை விலக்க முடியவில்லை. மூலச் சுருக்கம் முதல் பாதியைச் சொல்கிறது. இரண்டாம் பாதியை எண்களிலிருந்து வாசகரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை இவ்வளவு நேரம் பேசக் காரணம் இருக்கிறது. 2021-இல் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் லேசான கோவிட்டுக்கு, ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போதே, முதல் ஓரிரு நாளிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். அது வேண்டாம் என்று அந்த மே மாதம் தில்லி எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரண்தீப் குலேரியா பொதுவெளியில் எச்சரித்தார். அதே மே மாதத்தில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் அந்தத் தொற்றுக்கு அறியப்பட்ட காரணிகள். அந்தத் தவறான பயன்பாட்டுக்கு இந்தச் சுருக்கம் காரணமில்லை. மூன்றாவது பிரிவு அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் “ஸ்டீராய்டு உயிர் காக்கும்” என்ற முதல் பாதி மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த நாட்களில், இந்தச் சுருக்கத்தைத் திறந்து பார்த்த ஒரு மருத்துவருக்குச் சர்க்கரை என்ற சொல் கண்ணில் பட்டிருக்காது. அது இருக்க வேண்டிய அட்டை காலியாக இருந்தது.

காலி அட்டை

கட்டுரைக்குள் தீங்குகள் பற்றி இருப்பது இவ்வளவுதான்: டெக்ஸாமெத்தசோனோடு தொடர்புடையவை என்று ஆய்வாளர்கள் கருதிய தீவிரப் பாதகங்கள் நான்கு. இரண்டு பேருக்கு இரத்தச் சர்க்கரை மிகுந்தது, ஒருவருக்கு இரைப்பை குடல் இரத்தக்கசிவு, ஒருவருக்கு மனநலச் சிதைவு.

இதை ஏன் சுருக்கத்தில் விட்டார்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். காரணம் எனக்குத் தெரியாத விஷயம், ஊகிக்கவும் விரும்பவில்லை. அந்த இதழின் 250 சொல் வரம்பு நெருக்கமானது என்பது மட்டும் உறுதி. அதனால் இன்னொரு கேள்விக்குப் போனோம். சேர்க்க வேண்டும் என்றால் எப்படிச் சேர்ப்பது?

ஒரு மாணவர் எழுதினார்: “தீங்குகள் மிகக் குறைவு; 2104 பேரில் 4 பேருக்கு மட்டுமே.” கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எண்கள் அதைத் தாங்கவில்லை. இந்த நான்கும் ஒவ்வொரு நோயாளியையும் தேடித் தேடிப் பரிசோதித்துச் சேர்த்த எண்ணிக்கை அல்ல. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நேரத்தில், மருந்தால் வந்தது என்று ஒரு மருத்துவர் நினைத்து, அறிக்கையும் அனுப்பியவை. ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை ஏறியது என்ற எதிர் எண் இதில் கிடையாது. ஆகவே இதை வீதமாக்கி, “0.2% பாதுகாப்பானது” என்ற தொனியில் எழுதினால் அது பொய்யான உறுதி. “நான்கு அறிக்கைகள் வந்தன” என்ற வினைச்சொல்லை அப்படியே வைக்க வேண்டும். “ஏற்பட்டன” என்று மாற்றினால்கூடப் பொருள் நழுவிவிடும்.

திரும்பக் கட்டியது

கடைசி அரை மணி நேரத்தில் எல்லாரும் சேர்ந்து கட்டிய சுருக்கம் இது. எண்கள் அனைத்தும் கட்டுரையில் இருப்பவையே. இதழின் நான்கு தலைப்புகளையே வைத்துக்கொண்டோம். பின்னணியோடு நோக்கத்தைச் சேர்த்தோம், நிதிக்கும் பதிவுக்கும் கடைசியில் ஒரு வரி வைத்தோம்.

*கோவிட்-19 காரணமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன்: சமவாய்ப்பு முறையில் ஒதுக்கிய, மறைப்பில்லாத ஒப்பீட்டு ஆய்வு*

*பின்னணியும் நோக்கமும்:* கோவிட்-19 நுரையீரல் சேதத்தில் அழற்சிக்குப் பங்கு உண்டு. டெக்ஸாமெத்தசோன் 28 நாள் இறப்பைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்தோம்.

*முறைகள்:* பிரிட்டனின் 176 தேசிய சுகாதாரச் சேவை அமைப்புகளில், கோவிட்-19 உறுதியான அல்லது மருத்துவரால் சந்தேகிக்கப்பட்ட உள்நோயாளிகளை, ஒதுக்கும்வரை குழு தெரியாத இணையவழி முறையில், 2:1 விகிதத்தில் வழக்கமான கவனிப்புக்கும், அத்துடன் டெக்ஸாமெத்தசோனுக்கும் (நாளுக்கு 6 மில்லிகிராம், வாய்வழி அல்லது நரம்புவழி, அதிகபட்சம் 10 நாள்) ஒதுக்கினோம். சிகிச்சையில் மறைப்பு இல்லை. முதன்மை விளைவு 28 நாளுக்குள் இறப்பு. ஒதுக்கியபடியே பகுத்தாய்ந்தோம்.

*முடிவுகள்:* 2020 மார்ச் 19 முதல் ஜூன் 8 வரை 2104 பேர் டெக்ஸாமெத்தசோனுக்கும் 4321 பேர் வழக்கமான கவனிப்புக்கும் ஒதுக்கப்பட்டனர். அனைவரும் பகுப்பாய்வில் சேர்க்கப்பட்டனர். இறந்தவர்கள் முறையே 482 (22.9%), 1110 (25.7%), வயதுக்கு ஈடுசெய்த வீத விகிதம் 0.83 (95% நம்பிக்கை இடைவெளி 0.75–0.93). முன்கூட்டியே திட்டமிட்ட உட்குழுக்களில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 1007 பேரில் 29.3%, 41.4% (0.64, 0.51–0.81), ஆக்சிஜன் மட்டும் பெற்ற 3883 பேரில் 23.3%, 26.2% (0.82, 0.72–0.94), சுவாச உதவி தேவைப்படாத 1535 பேரில் 17.8%, 14.0% (1.19, 0.92–1.55). டெக்ஸாமெத்தசோனால் வந்தவை என்று கருதப்பட்ட நான்கு தீவிரப் பாதகங்கள் அறிவிக்கப்பட்டன: இரத்தச் சர்க்கரை மிகுதி 2, இரைப்பை குடல் இரத்தக்கசிவு 1, மனநலச் சிதைவு 1.

*முடிவுரை:* டெக்ஸாமெத்தசோன் 28 நாள் இறப்பைக் குறைத்தது. செயற்கைச் சுவாசத்திலோ ஆக்சிஜனிலோ இருந்தவர்களிடம் பலன் தெரிந்தது. சுவாச உதவி தேவைப்படாதவர்களிடம் பலன் காணப்படவில்லை. தீங்கை விலக்கவும் முடியவில்லை.

*நிதியும் பதிவும்:* மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் மற்றும் பிறர். NCT04381936, ISRCTN50189673.

P மதிப்பைத் தவிர, மூலத்திலிருந்து நாங்கள் எடுத்துவிட்டது மூன்று. பின்னணியின் இரண்டு வாக்கியங்கள் ஒன்றானது முதலாவது. “இது இறுதி முடிவு” என்ற வாக்கியம் இரண்டாவது. மூன்றாவது, “வேறுபாடுகள் சுவாச உதவியைப் பொறுத்துக் கணிசமாக மாறின” என்ற முன்னுரை வாக்கியம். அடுத்து வரும் மூன்று எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதை எழுதினால் 250 சொல்லைக் கொஞ்சம் தாண்டும். வழிகாட்டியை எழுதியவர்களும் 250 முதல் 300 சொல் போதும் என்றுதான் சொல்கிறார்கள். இதழ் 250-க்கு மேல் ஒரு சொல்கூட விடாது என்றால் நான் முதலில் வெட்டுவது பின்னணியின் முதல் வாக்கியம். கோவிட்டில் அழற்சி உண்டு என்று இந்தக் கட்டுரையைத் திறப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீங்கு வரியில் கை வைக்க மாட்டேன்.

உட்குழு எண்ணிக்கைகளைச் சேர்த்ததில் ஒரு கூடுதல் வசதி கிடைத்தது. 1007, 3883, 1535 மூன்றையும் கூட்டினால் 6425. 2104-ஐயும் 4321-ஐயும் கூட்டினாலும் 6425. ஒருவரும் நடுவில் காணாமல் போகவில்லை என்று வாசகரே சரிபார்த்துக்கொள்ளலாம். மாணவர் ஆய்வேடுகளில் இந்தக் கூட்டல் இடிக்கும் இடத்தில் பெரும்பாலும் யாரோ விலகியிருப்பார்கள், அதை எழுத மறந்திருப்பார்கள். பகுப்பாய்வு எண்ணிக்கைக்கு வழிகாட்டி தனி உருப்படி வைத்திருப்பதே அதற்காகத்தான்.

நாங்கள் சேர்க்க முடியாமல் விட்டதும் உண்டு. வழக்கமான கவனிப்புக் குழுவிலும் 8% பேர் டெக்ஸாமெத்தசோன் பெற்றார்கள். மருந்தின் உண்மைப் பலனை இது சற்றுக் குறைத்துக் காட்டியிருக்கலாம். எனக்கு அது சுருக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வழிகாட்டி அதைக் கேட்பதில்லை, இடமும் இல்லை. “ஒதுக்கியபடியே பகுத்தாய்ந்தோம்” என்ற வாக்கியம் அதன் நிழலையாவது சுமக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அடியில் தேடிய அந்த மாணவி தன் ஆய்வேட்டின் சுருக்கத்தைக் கைபேசியில் காட்டினார். தீங்குகள் பற்றி அதில் ஒரு வரி இருந்தது: “குறிப்பிடத்தக்க பக்கவிளைவு எதுவும் இல்லை.”

“இதை அட்டைக்குக் கீழ வைக்கலாமா சார்?”

“நோயாளிகளை எத்தனை முறை பார்த்தீங்க? பக்கவிளைவு இருக்கான்னு கேட்டீங்களா, அவங்களா சொன்னதை மட்டும் எழுதிக்கிட்டீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “அவங்களா சொன்னதுதான் சார். ரெண்டு பேர் வாந்தின்னு சொன்னாங்க, ஒருத்தர் மருந்தை நிறுத்திட்டார். பெரிசா ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்.”

“அந்த ரெண்டு பேரும் எந்தக் குழு?”

பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார். மறுநாள் காலை அனுப்பிய சுருக்கத்தில் அந்தப் பழைய வரி இல்லை. நோயாளிகள் தாமாகச் சொன்னவை என்று தொடங்கி, இரண்டு குழுவுக்கும் தனித்தனி எண்ணோடு, மருந்தை நிறுத்தியவர் எந்தக் குழு என்பதையும் சேர்த்து ஒரு வரி இருந்தது.